ஒன்பதாவது கேள்விக்கு சைபர்

அனுசுயாவுக்குப் பதின்மூன்று.

அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதின்மூன்று என்பது பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில் வருவது, நடுத்தரம். அதற்கு மேல் ஓர் எண்ணில் என்ன தோன்ற இருக்கிறது? எட்டு வருடமாக மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். முதல் வருடம் இருபதைத் தாண்டிய எண்ணைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது இருபத்திமூன்றைப் பார்த்துக்கொண்டே இட்லியைச் சட்னியில் தொட்டுச் சாப்பிடுகிறேன். மரத்துப்போய்விட்டது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. வருத்தப்பட வேண்டிய இடமும் சேர்ந்தேதான் மரத்துப்போயிருக்கிறது.

எங்களிடம் இருப்பது ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்தீர்களா, மனசு சோர்ந்து கிடந்ததா, தூக்கம் எப்படி, உடம்பு அசதி எப்படி, பசி எப்படி என்று தொடங்கிப் போகும். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் சைபர், சில நாள் என்றால் ஒன்று, பாதிக்கு மேல் என்றால் இரண்டு, ஏறக்குறைய தினமும் என்றால் மூன்று. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னை ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்பது. கூட்டினால் வருவது நோயின் பெயர் அல்ல. யாரிடம் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டும் ஒரு விரல், அவ்வளவுதான். இதைப் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தொண்டை வறளச் சொல்வேன். அவர்களும் தலையாட்டிவிட்டு, "அப்ப இவுகளுக்கு நோய் எத்தனை மார்க் மேடம்?" என்று கேட்பார்கள்.

மாவட்டம் முழுவதற்கும் எங்கள் திட்டத்தில் மனநல மருத்துவர் ஒருவர்தான், டாக்டர் சூரியபிரகாஷ். திங்கட்கிழமை ஆண்டிபட்டிப் பக்கம், வியாழன் கம்பம், வெள்ளி போடி என்று பம்பரமாகச் சுற்றுகிற மனிதர். எல்லோரையும் அவரே பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கத் திட்டம் போட்டோம். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிற பெண் தன்னார்வலர்களுக்கு ஒன்பது கேள்விகளையும் கற்றுக்கொடுத்தோம். ஐந்துக்குக் கீழே என்றால் ஒன்றும் வேண்டாம். ஐந்திலிருந்து ஒன்பது என்றால் விவரம் சொல்லிவிட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்க வேண்டும். பத்திலிருந்து பதினாலு வரை தன்னார்வலரே வாரம் ஒருமுறை போய்ப் பேச வேண்டும். விட்டுப்போன சின்னச் சின்ன காரியங்களை மறுபடி செய்யவைக்க வேண்டும், பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ன செய்யலாம் என்று பார்க்க வேண்டும். அவர்களை நான் மேற்பார்வை பார்ப்பேன். பதினைந்தைத் தொட்டால் டாக்டர். ஒன்பதாவது கேள்விக்கு சைபர் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் மூன்றே ஆனாலும், அன்றைக்கே எனக்கு போன். கோடுகளைப் போட்டது நானும் டாக்டரும். காகிதத்தில் பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

முதலில் கம்பத்துக்கு மேற்கே ஓடைக்கரைப்பட்டி என்கிற ஊரில் செய்து பார்த்தோம். அங்கே தன்னார்வலர் பவுனு. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊரில் பாதிப் பேருக்கு மதினி, மீதிப் பேருக்கு அக்கா. யார் வீட்டு அடுப்படி வரையும் போகக்கூடியவர். அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் கூட்டத்தில் திட்டத்தை வட்டம் முழுவதற்கும் விரிக்க ஒப்புதல் வாங்க வேண்டும். மதியம் தேனி அலுவலகத்தில் நானும் டாக்டரும் பவுனு போனில் பதிந்து அனுப்பிய எண்களை அச்செடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி கறக் கறக்கென்றது. ஓடைக்கரைப்பட்டியில் வடக்குத் தெரு என்று ஒன்று உண்டு. அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் விடியுமுன் ஜீப் ஏறிக் கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிறவர்கள். பொழுது சாயத்தான் இறங்கி வருவார்கள். அந்தத் தெருவில் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்தைத் தாண்டியிருந்தார்கள்.

"தெருவே டிப்ரஷன்ல இருக்கா ஞானசெல்வி?" என்றார் டாக்டர். "இத்தனை பேரையும் வாரா வாரம் பவுனு ஒருத்தி போய்ப் பார்க்க முடியுமா?"

"முடியாது சார்."

"எங்கே ஏறியிருக்குன்னு பாருங்க. தூக்கம் மூணு, அசதி மூணு, பசி ரெண்டு. மூணு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கிட்டு ஜீப்புல தொங்கிட்டுப் போறவங்களுக்கு வேற என்ன வரும்? இது ஜீப்போட மார்க். மனசோட மார்க் இல்லை."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதற்காகக் கோட்டைப் பத்திலிருந்து பதினைந்துக்கு நம் இஷ்டத்துக்கு நகர்த்தவும் முடியாது என்று நான் மல்லுக்கட்டினேன். உடம்பு வேலையில் அசந்தவருக்கும் மனசு அசந்தது சேர்ந்தே இருக்கலாம் அல்லவா? கடைசியில் இருவருக்கும் ஒத்துவந்த ஒரு வழியைப் பிடித்தோம். ஜீப்புக்குப் போகிற பெண்களில், பத்துக்கு மேல் வந்திருந்தாலும், ஆர்வமின்மை, மனச்சோர்வு என்ற முதல் இரண்டு கேள்விகளின் கூட்டல் மூன்றுக்குக் கீழே இருந்து, வேலையும் வீடும் தடைபடாமல் நடந்து, ஒன்பதாவது கேள்வியும் சைபராக இருந்தால், வாராந்தரச் சந்திப்பு வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டால் போதும்.

"ஒன்பதாவது சைபர்னாத்தான். அதுல மட்டும் பிடியை விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். ஆக அந்த விதியின் முழுப் பாரமும் ஒரு சைபர் மேல் நின்றது.

வாராந்தரப் பட்டியலிலிருந்து பதினொரு பெண்கள் கழிந்துபோனார்கள். அவர்களில் அனுசுயாவும் ஒருத்தி. முப்பத்திநாலு வயது. ஆர்வமின்மைக்கு இரண்டு, மனச்சோர்வுக்கு சைபர், ஒன்பதாவதுக்கு சைபர். தினமும் வேலைக்குப் போகிறாள். விதிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தாள். நான் அவள் பெயருக்கு நேரே கோடு இழுத்தேன்.

டாக்டர் போடிக்குக் கிளம்பியதும் பவுனுவுக்கு போன் போட்டேன். பதினொரு பெயரையும் வாசித்து, இவர்கள் வீட்டுக்கு இனி வாரா வாரம் போக வேண்டாம் அக்கா, உங்களுக்கும் சுமை குறையும் என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஏழு பெயர் வரை சரி மேடம், சரி மேடம் என்று வந்தது.

"அனுசுயாவையுமா மேடம்?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

சும்மா கேட்டேன் என்று சொல்கிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். சும்மா யாரும் எதையும் கேட்பதில்லை. "அக்கா, சொல்ல வந்ததைச் சொல்லுங்க" என்றேன்.

"அந்தப் புள்ள முன்ன மாதிரி இல்ல மேடம். பேச்சே கொறஞ்சுபோச்சு. சொன்ன வேலையச் செய்யிது, போடுறதத் திங்கிது."

"அப்போ ஒன்பதாவது கேள்விக்கு என்ன சொன்னாங்க?"

எதிர்முனையில் ஆடு கத்துவது கேட்டது.

"அக்கா, ஒன்பதாவது கேட்டீங்கதானே?"

"வெளக்கு வச்சிருந்துச்சு மேடம்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. பிறகு அவரே சொன்னார். வடக்குத் தெருப் பெண்கள் ஜீப்பை விட்டு இறங்குவதே விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான். காலையில் பிடிக்க முடியாது, பகலில் ஆள் இல்லை. ஆகவே அந்தத் தெருவில் எல்லோரையும் பொழுது சாய்ந்துதான் பார்த்தார். விளக்கேற்றி வைத்திருக்கிற வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, உனக்குச் சாக வேண்டும் என்று நினைப்பு வருதா என்று எப்படிக் கேட்பது? அந்த வார்த்தையை அந்த நேரத்தில் அந்த வீட்டில் சொன்னாலே ஆகாது. எட்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

"அப்ப சைபர் ஏன் போட்டீங்க?"

"நம்பர் போடாட்டி அடுத்த பக்கம் போக மாட்டேங்குது மேடம் அந்த போன்ல. என்னத்தப் போட? ஒண்ணு போட்டா நீங்க அன்னைக்கே ஓடியாருவீக. நல்லாருக்கணும்னு நெனச்சு சைபர் போட்டேன்."

அதிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம் தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை, அவ்வளவுதான். பிறகு பக்கத்தைப் புரட்டினேன். பகலில் வீட்டில் இருக்கிற மற்றத் தெருப் பெண்களில் சிலருக்கு ஒன்பதாவது கேள்விக்கு ஒன்று இருந்தது, ஒருவருக்கு இரண்டு. அவர்களைப் பற்றி அன்றன்றே எனக்கு போன் வந்து, நான் போய்ப் பார்த்தும் ஆயிற்று. வடக்குத் தெருவில் மட்டும் மேலிருந்து கீழே ஒரே சைபர். மதியம் முழுக்க நானும் டாக்டரும் அதன் மேல்தான் உட்கார்ந்து விதி செய்திருந்தோம். கேட்டு இல்லை என்று சொன்னதும், கேட்கப்படாமலே போனதும் அந்தத் திரையில் ஒரே வட்டமாக இருந்தன. கேட்கவில்லை என்று குறிக்க நாங்கள் இடம் விட்டிருக்கவில்லை. இவர்களை எந்த நேரத்தில் கேட்க முடியும் என்று பயிற்சியில் நான் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பவுனுவைத் திட்ட வாயெடுத்தவள், பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"நான் வாறேன்" என்றேன். "அனுசுயா ஜீப் எப்போ வரும்?"

"எப்பவும்போல வெளக்கு வைக்கத்தான்."

கம்பம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. உத்தமபாளையம் தாண்டி இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். அழகு என்று சொல்வார்கள். எனக்கு அது பந்தலாகவும் கம்பியாகவும்தான் தெரிந்தது. டாக்டருக்கு போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர், "பதினொரு பேரையும் மறுபடி கேட்கணும். அந்தத் தெருவையே கேட்கணும். முதல்ல அந்தப் பொண்ணு. எதுன்னாலும் கம்பம் ஜி.எச்.சுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க, நான் போடியிலிருந்து நேரே அங்க வந்துடறேன்" என்றார். அந்தப் பஸ்ஸில் எனக்குப் பயமாக இல்லை. ஒருத்தி சாகலாம் என்று தெரிந்தும் பயமாக இல்லை என்பதுதான் எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஊர் முக்கில் வேப்பமரத்தடியில் பவுனு நின்றார். கண் சிவந்திருந்தது. "வீட்ல வச்சுக் கேக்க முடியாது மேடம்" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "இன்னைக்கு வெள்ளிக்கெழம வேற. அவ மாமியா கஸ்தூரியம்மாச் சின்னம்மா பக்கத்துலயே உக்காந்திருக்கும். போன தடவையும் அப்படித்தான், அங்கிட்டு இங்கிட்டு நகரவே இல்ல. தண்ணி கேட்டேன், அனுசுயாவத்தான் அனுப்புச்சு, அவ பின்னாடியே இதுவும் போச்சு."

"ஒட்டுக்கேக்குற மாமியாரா?"

"முன்னயெல்லாம் அப்படி இல்ல மேடம். இப்பத்தான் கொஞ்ச நாளா."

வீட்டுக்குள்தான் கேட்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே கேட்கலாம் அல்லவா என்றேன். பவுனு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஜீப்புலயே கேப்போம்" என்றார் பிறகு. "பால்பாண்டிதான் டிரைவர். டீ குடிக்கப் போகச் சொன்னா போயிருவான்."

ஜீப் புழுதியோடு வந்து நின்றது. ஒரு ஜீப்புக்குள் அத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்று கணக்கு வைக்க முடியாதபடி பெண்கள் இறங்கினார்கள். சட்டையைப் புடவைக்கு மேல் போட்டவர்கள், தலையில் துண்டு கட்டியவர்கள், தூக்குவாளி, பை. எல்லோர் மேலும் ஏலக்காய் வாசம். கடைசியாக இறங்க வந்தவளை, "தாயி, நீ செத்த இரு" என்று பவுனு உள்ளேயே உட்காரவைத்தார். பால்பாண்டி ஒன்றும் கேட்காமல் கடைப் பக்கம் போனான்.

அனுசுயா ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இரு என்றால் இருந்தாள். ஒல்லியான பெண். விரல் நுனி எல்லாம் காய்க்கறை ஏறிக் கறுத்திருந்தது. நான் இன்னார் என்று பவுனு சொன்னபோது கும்பிட்டாள், கும்பிட்ட கையை இறக்க மறந்தவள் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

நான் கேட்பதாகத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் பவுனு என் முழங்கையைத் தொட்டார். "அன்னைக்கு நான் விட்டத நானே கேக்குறேன் மேடம்."

"தாயி," என்றார். "அன்னைக்கு ஒரு கேள்வி கேக்காம விட்டுட்டேன். தப்பா நெனைக்காத. இந்த ரெண்டு வாரத்துல, செத்துப்போனா தேவலன்னு, இல்ல ஒன்னய நீயே ஏதாச்சும் பண்ணிக்கணும்னு, அப்படி நெனப்பு வந்துச்சா?"

"வருது மதினி" என்றாள் அனுசுயா. நாளைக்கு வேலை இருக்கா என்று கேட்டால் இருக்கு என்பது போலச் சொன்னாள்.

"என்னைக்காச்சுமா?"

"தெனமுந்தான்."

பவுனு என்னைப் பார்த்தார். அந்த இடத்திலிருந்து நான் கேட்டேன். மனசு சோர்வாக இருந்ததா என்று அன்றைக்குக் கேட்டதற்கு இல்லை என்று சொன்னீர்களே என்றேன்.

"சோகமெல்லாம் இல்லைங்க. அழுகையும் வரல. ஒண்ணுமே இல்ல. மகளுக்குத் தல பின்னுறேன், கையி பின்னுது. நான் எங்கனயோ இருக்கேன்."

"ஏதாவது நடந்ததா? வீட்டில் சண்டை, கஷ்டம்?"

"ஒண்ணும் நடக்கல. அதான் எனக்கே வெளங்கல. அவுக லாரிக்குப் போறாக, ஒழுங்கா வாறாக. குடியும் இல்ல. அத்தையும் நல்லாத்தான் பாக்குறாக. என்ன கொறைன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

செய்துகொள்ள ஏதாவது யோசித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நேராகத்தான் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது நிஜம் இல்லை. வந்த எண்ணத்தை இறக்கி வைக்க இடம் கிடைக்கும். தோட்டத்தில் செடிக்கு அடிக்கிற மருந்தில் ஒரு பாட்டில், ஆட்டுக்கொட்டகையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். போன வாரம் புதன்கிழமை எடுத்தாளாம். பிறகு திரும்ப வைத்துவிட்டாளாம்.

"ஏன் வச்சீங்க?"

"தெரியல. விடுங்க."

அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். இதை நான் ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டேன், வைத்துக்கொள்ளக் கூடாது. இப்போதே டாக்டரைப் பார்க்கப் போகிறோம். இது சோம்பலோ திமிரோ இல்லை, குணமாகிற சீக்கு. இன்றைக்கு ராத்திரி நீங்கள் தனியாக இருக்கப் போவதில்லை. அந்தப் பாட்டிலை எடுத்துவிட வேண்டும், அதற்கு வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தாக வேண்டும். யாரிடம் சொல்லலாம் என்றேன். அவள் வெகுநேரம் தூக்குவாளியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். லாரியில போன அவுகளுக்கு போன் எடுக்காது, அத்தைகிட்டத்தான் சொல்லணும் என்றாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

வீடு நாலு எட்டில் இருந்தது. வாசல் தெளித்திருந்தது. உள்ளே சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது, ஊதுபத்தி புகைந்தது. கஸ்தூரியம்மாள் அனுசுயாவுக்குப் பின்னால் எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்படியே நின்றார். அறுபதைத் தாண்டிய, கட்டுமஸ்தான பெண்மணி.

அவரை வெளியே வரச்சொல்லிப் பேசலாம் என்று நான் திரும்பினேன். அதற்குள் பவுனு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். போய் விளக்குக்கு முன்னாலேயே நின்றார்.

"சின்னம்மா, ஒம் மருமக சாகணும்னு நெனைக்கிறா" என்றார். "வெளக்கு எரியிறது எனக்குத் தெரியிது. தெரிஞ்சுதான் சொல்றேன். கொட்டகையில மருந்து வச்சிருக்கா. இப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

கஸ்தூரியம்மாள் காதைப் பொத்துவார், கூச்சல் போடுவார், எங்களை வெளியே போகச் சொல்வார் என்றெல்லாம் நான் தயாராக நின்றேன். அவர் விளக்கைப் பார்த்தார், பவுனுவைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அதுல தண்ணிதான் இருக்கு" என்றார்.

கஸ்தூரியம்மாள் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆடு கட்டப் போனேன். பழைய துணியில சுத்தி இருந்துச்சு. பாத்ததும் ஈரக்கொல நடுங்கிப்போச்சு. எடுத்து ஒளிச்சா வேற எதையாச்சும் தேடுவா. அதான் உள்ள இருந்தத குழி தோண்டி ஊத்திட்டு, பாட்டில நல்லா அலசி, தண்ணிய ரொப்பி, இருந்த எடத்துலயே வச்சேன். யாருகிட்டப் போயிச் சொல்ல? அந்தச் சொல்ல வாயால எடுத்துட்டா அது நடந்துருமோன்னு பயம். இவ போற பக்கமெல்லாம் பின்னாடியே போனேன். ராத்திரி வாசப்படியில குறுக்கப் படுத்தேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

ஒட்டுக்கேட்கிற மாமியார் என்று நான் சொன்னது இதைத்தான். எங்கள் திட்டத்தில் இல்லாத ஒரு வேலையை, யாரும் பிரித்துக் கொடுக்காமல், ஒற்றை ஆளாக இந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பயிற்சி இல்லை, மேற்பார்வை இல்லை, பேச ஓர் ஆள் இல்லை.

அனுசுயா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். "என்னைக்கு மாத்துனீக அத்த?" என்றாள்.

"போன வாரம் செவ்வாக்கெழம."

அவள் அதை யோசித்தாள். முகத்தில் ஏதோ ஒன்று கஷ்டப்பட்டு நகர்ந்தது.

"நான் மறுநா புதங்கெழம மூடியத் தொறந்து மோந்து பாத்தேன்" என்றாள். "வாடையே வரல. மருந்து வாடகூடத் தெரியாத அளவுக்கு மூக்கும் மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். ஏற்கெனவே செத்த கணக்குத்தான், இனி இதக் குடிச்சு என்ன, குடிக்காட்டி என்னன்னு மூடி வச்சிட்டேன்."

"அடி பாவி மகளே" என்றார் கஸ்தூரியம்மாள். எழுந்துகொள்ள முடியாமல் கையை மட்டும் நீட்டினார். அனுசுயா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் மருமகளின் மூக்கைத் தன் முந்தானையால் அழுத்தித் துடைத்தார்; அங்கே துடைக்க ஒன்றும் இல்லை. பிறகு அவள் கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, "மோந்து பாரு ஆத்தா. வேர்வ வாடை வருதா, இல்லையா? சொல்லு" என்றார்.

அனுசுயா குனிந்தாள். வெளியே பால்பாண்டி ஹாரன் அடித்தான், பவுனு கையைக் காட்டி அவனை நிறுத்தினார். நான் பதிலுக்குக் காத்திருந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு பதிலுக்கு நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

"லேசா வருது" என்றாள்.